ஆல்ஃபா 0.3 போட்டா 7வது வாரத்துக்கு 136.45 தான் வரும், 144.18 இல்ல

டேய், உனக்கு 144.18 வந்துச்சுன்னு சொன்னியே, நீ அனுப்புன கேள்வி போட்டோவ ஜூம் பண்ணி பாத்துட்டேன். எக்ஸ்பொனென்ஷியல் ஸ்மூதிங் கணக்கு தான்: ஆறு வாரத்து ஆர்டர் எண்ணிக்கை, கீழ ஆல்ஃபா = 0.3, ஏழாவது வாரத்துக்கு ஃபோர்காஸ்ட் கேட்டிருக்காங்க. நாலாவது நம்பர் மேல லைட் அடிச்சிருக்கு, 141ஆ 147ஆன்னு புரியல, நல்லவேளை நீ பேப்பர் ஓரத்த வெட்டாம விட்டிருக்க, அங்க மொத்தம் 804ன்னு இருக்கு. 120, 132, 126, 138, 147 கூட்டினா 663, மீதி 141. அதனால 141 தான், சந்தேகமே வேணாம்.

ஃபார்முலா உனக்கே தெரியும், ஆனா நான் எப்பவும் இந்த மாதிரி எழுதிக்குவேன், கையால போடும்போது தப்பு கம்மியா வரும்:

```
F(t+1) = F(t) + α × (Y(t) − F(t))
```

F ஃபோர்காஸ்ட், Y நிஜ எண்ணிக்கை. அதாவது பழைய ஃபோர்காஸ்ட் எவ்ளோ தப்பா போச்சோ அதுல 30 சதவீதத்த மட்டும் சேத்துக்கோ, அவ்ளோதான். முதல் வாரத்துக்கு ஃபோர்காஸ்ட் எதுவும் குடுக்கல, அதனால வழக்கம் போல முதல் நிஜ மதிப்பையே ரெண்டாவது வாரத்து ஃபோர்காஸ்டா எடுத்துக்கிட்டேன்.

```
F2 = 120
F3 = 120 + 0.3 × (132 − 120) = 123.6
F4 = 123.6 + 0.3 × (126 − 123.6) = 124.32
F5 = 124.32 + 0.3 × (141 − 124.32) = 129.324
F6 = 129.324 + 0.3 × (138 − 129.324) = 131.9268
F7 = 131.9268 + 0.3 × (147 − 131.9268) = 136.44876
```

ஆக விடை 136.45. நடுவுல ரவுண்ட் பண்ணிடாத, கடைசில மட்டும் பண்ணு.

சரி, உனக்கு ஏன் 144.18 வந்துச்சுன்னு தான் கொஞ்ச நேரம் மண்டைய ஒடச்சேன். ஆல்ஃபாவ 0.7ன்னு வச்சு அதே ஆறு வரிய திரும்ப போட்டா புள்ளி மாறாம 144.18 வருது. அப்போ நீ எக்செல்ல தான் போட்டிருக்க, இல்லையா? Data Analysis உள்ள Exponential Smoothing எடுத்தா ஒரு கட்டம் கேக்கும், Damping factor. அத பாத்ததும் எல்லாரும் ஆல்ஃபாவ தான் கேக்குதுன்னு நெனச்சு 0.3 அடிச்சிடுவாங்க, நானும் ஒரு தடவ அடிச்சு ஒரு சாயங்காலம் முழுக்க வீணாக்கிருக்கேன். அது கேக்குறது 1 − ஆல்ஃபா, நீ 0.7 அடிக்கணும். அதுல இன்னொரு தொல்லை, அது ஆறாவது வாரத்தோட நிறுத்திடும், கடைசி செல்ல கீழ ஒரு வரி இழுத்து விட்டா தான் ஏழாவது வரும், நீ அத சரியா பண்ணிருக்க.

முதல் மதிப்ப எப்படி எடுக்குறோம்ங்கறது விடைய பாதிக்குமான்னு கேட்டியே, அது நல்ல கேள்வி. இந்த விடைக்குள்ள ஒவ்வொரு வாரத்துக்கும் எவ்ளோ எடைன்னு பிரிச்சு பாரு: 147க்கு 0.3, 138க்கு 0.21, 141க்கு 0.147, 126க்கு 0.1029, 132க்கு 0.07203, மிச்சம் இருக்குற 0.16807 மொத்தமும் அந்த முதல் 120க்கு போயிடுது! இருக்குறதுலயே பழசு அதுதான், ஆனா நாலாவது வாரத்த விட அதுக்கு எடை ஜாஸ்தி. சீரிஸ் நீளமா இருந்தா இது கரைஞ்சு போயிடும், ஆறே நம்பர் தானே, அதனால ஒட்டிக்கிட்டே வருது. ஆறோட சராசரி 134ஐ முதல் வாரத்து ஃபோர்காஸ்டா வச்சு ஆரம்பிச்சா விடை 138.10க்கு போகுது. அதனால விடைத்தாள்ல "F2 = Y1 என எடுத்துக்கொள்ளப்பட்டது"ன்னு ஒரு வரி கண்டிப்பா எழுதிடு, திருத்துறவர் வேற மாதிரி ஆரம்பிச்சிருந்தாலும் உன் கணக்கு எங்க இருந்து வருதுன்னு அவருக்கு புரியும்.

இன்னொன்னு, கேள்வில கேக்கல, இருந்தாலும் சொல்றேன். ஒவ்வொரு வாரமும் நிஜத்துல இருந்து ஃபோர்காஸ்ட கழிச்சா வர்ற தவறுகள வரிசையா பாரு, 12, 2.4, 16.68, 8.676, 15.0732, அஞ்சும் பிளஸ். சராசரி 10.97. ஃபோர்காஸ்ட் ஒரு தடவ கூட நிஜத்துக்கு மேல போகல, எப்பவும் பின்னாடியே ஓடிட்டு இருக்கு, ஏன்னா ஆர்டர் ஏறிக்கிட்டே போகுது, இந்த சாதா முறைக்கு ஏத்தம்னா என்னன்னே தெரியாது. எட்டாவது வாரத்துக்கு கேட்டாலும் அதே 136.45 தான் சொல்லும், ஒன்பதாவதுக்கும் அதே தான். ஏத்தத்தையும் சேத்து பாக்க 1957ல ஹோல்ட் குடுத்த முறை இருக்கு, அதுல ரெண்டாவதா ஒரு மாறிலி வேணும், உன் பேப்பர்ல ஒண்ணே ஒண்ணு தான் குடுத்திருக்காங்க, அதனால இப்போ அந்த பக்கம் போகாத.

அடுத்த கேள்வியோட போட்டோவும் எடுத்து அனுப்பு, லைட்ட அணைச்சிட்டு எடு.