பூம்பாறை பூண்டுக் கொட்டகை: அக்டோபர் 31 கூட்டத்துக்கான நேரமும் நிகழ்ச்சி நிரலும்

அன்புள்ள சித்தப்பா, மாமா, அக்கா, தம்பி, ஊரில் உள்ள எல்லாருக்கும்,

கொட்டகைக் கூரையைப் பற்றி இந்தக் கூட்டத்தில் முடிவெடுத்தே ஆக வேண்டும். மழை தொடங்கிவிட்டது. மேற்கு ஓரத் தகரம் இரண்டு இடத்தில் ஒழுகுகிறது. விதைப்பூண்டு ஈரம் பட்டால் தாங்காது. மலைப்பூண்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்ததை எல்லோரும் பெருமையாகச் சொல்கிறோம். அந்தப் பூண்டைப் புகை போட்டுக் காயவைக்கும் இடம் நனையக் கூடாது.

கூட்டம் 2026 அக்டோபர் 31, சனிக்கிழமை. ஒன்றரை மணி நேரம். எல்லா ஊரிலும் அதே சனிக்கிழமைதான்.

பூம்பாறை: மாலை 4.30 – 6.00
சிங்கப்பூர் (மாமா): இரவு 7.00 – 8.30
மெல்போர்ன் (அக்கா): இரவு 10.00 – 11.30
லண்டன் (சித்தப்பா): காலை 11.00 – பகல் 12.30
நியூஜெர்சி (தம்பி): காலை 7.00 – 8.30

சித்தப்பாவும் அக்காவும் இதைக் கவனிக்கவும். செப்டம்பரில் கூடியதும் இந்திய நேரம் 4.30க்குத்தான், அன்று லண்டனில் பகல் 12, மெல்போர்னில் இரவு 9. மெல்போர்னில் அக்டோபர் 4 அன்று கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னே போனது. லண்டனில் அக்டோபர் 25 அன்று ஒரு மணி நேரம் பின்னே வரும். அமெரிக்காவில் நவம்பர் 1 அன்றுதான் மாறும். அதனால் தம்பிக்கு இந்த முறை பழைய நேரமே. ஞாயிறு வேண்டாம் என்றது கொடைக்கானல் சந்தைக்காக. அன்று ஊரில் பாதிப் பேர் இருக்க மாட்டார்கள்.

முன்கூட்டியே படிக்க வேண்டியவை

இத்துடன் மூன்று தாள் அனுப்பியிருக்கிறேன். கூட்டத்தில் இவற்றை வாசித்துக்கொண்டிருக்கப் போவதில்லை. போன முறை கணக்கு வாசித்தே நாற்பது நிமிடம் போயிற்று, முடிவு ஒன்றும் வரவில்லை.

மேஸ்திரியின் மதிப்பீடு இரண்டு பக்கம்: பழைய சுவரை வைத்துக்கொண்டு கூரையை மட்டும் மாற்றினால் ரூ.1,85,000, இடித்துக் கட்டினால் ரூ.4,20,000. இதை எல்லோரும் படிக்க வேண்டும். கூரை, சுவர் படங்கள் பதினொன்று. ஆறாவது படத்தில் உள்ள விரிசலை அக்கா குறிப்பாகப் பார்க்கவும், கட்டட வேலை தெரிந்தவர் நம்மில் அவர் ஒருவரே. மூன்றாவது, பணம் அனுப்புவது பற்றிய ஒரு பக்கக் குறிப்பு. வெளியூரில் இருக்கும் நால்வரும் கட்டாயம் படிக்க வேண்டியது அது.

கேள்வி இருந்தால் அக்டோபர் 29 வியாழன், இந்திய நேரம் இரவு 9க்குள் எழுதுங்கள். நியூஜெர்சியில் அது காலை 11.30, லண்டனில் மாலை 3.30, சிங்கப்பூரில் இரவு 11.30. மெல்போர்னில் வெள்ளி அதிகாலை 2.30 ஆகிவிடும், அக்கா வியாழன் இரவு தூங்கப் போகும் முன் எழுதிவிட்டால் போதும்.

நிகழ்ச்சி நிரல் (இந்திய நேரம்)

4.30 – எல்லோரும் இணைவது. 4.35க்குப் பேச்சைத் தொடங்கிவிடுவோம்.

4.35 – கூரையா, முழுக் கொட்டகையா? அக்கா முதலில் பேசுவார். அவருக்கு அப்போது இரவு 10.05; அதனால்தான் இது முதலில். 5.10க்குள் முடிவு வேண்டும். இடித்துக் கட்டுவது என்றால் மலைப்பகுதியில் அனுமதி வாங்க வேண்டியிருக்கும். பெரியப்பா ஊராட்சி அலுவலகத்தில் விசாரித்துவிட்டு வந்து சொல்வார். அவசரத்துக்குக் கூரையை மாற்றி, சுவரைக் கோடையில் பார்க்கலாம் என்பது என் எண்ணம்.

5.10 – பணம். மாமாவும் தம்பியும் இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள். சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அவர்கள் அனுப்புவது வெளிநாட்டுப் பங்களிப்பு ஆகாது. சித்தப்பாவும் அக்காவும் குடியுரிமை மாற்றிக்கொண்டவர்கள். அவர்கள் நம் சங்கத்துக்கு நன்கொடை கொடுத்தால், 2010ஆம் ஆண்டின் வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டம் குறுக்கே வரும். நம் சங்கத்துக்கு அந்தப் பதிவு இல்லை. வழி என்னவென்று ஆடிட்டர் எழுத்தில் தரும்வரை நீங்கள் இருவரும் ஒரு ரூபாய்கூட அனுப்ப வேண்டாம். உங்கள் அக்கறை எங்களுக்குத் தெரியும், பணம் தாமதமானால் யாரும் தப்பாக நினைக்க மாட்டோம். அக்கா தன் கருத்தை எழுதி அனுப்பிவிட்டு 5.10க்கே விடைபெறலாம்.

5.35 – கொட்டகையில் எந்த வீட்டுக்கு எந்தப் பரண், விறகு யார் முறை. இது ஊர்க்காரர்கள் பேச வேண்டியது. மற்றவர்கள் கேட்டால் போதும்.

5.50 – அடுத்த கூட்டம், நவம்பர் 28 சனி. அதே 4.30 என்றால் தம்பிக்குக் காலை 6 மணி. 5.30க்குத் தள்ளினால் அவனுக்கு 7, ஆனால் அக்காவுக்கு இரவு 11. இருவரும் பேசி ஒன்று சொல்லுங்கள்.

மழையில் இங்கே கரண்டும் சிக்னலும் போகலாம். 4.45 வரை நாங்கள் வரவில்லை என்றால் சித்தப்பா கூட்டத்தை நடத்தட்டும். கூரை பற்றி உங்கள் நால்வர் கருத்தையும் குழுவில் எழுதி வையுங்கள். சிக்னல் வந்ததும் பார்த்துவிட்டு, ஞாயிறு காலை சந்தைக்குப் புறப்படும் முன் ஊர் முடிவை அனுப்புகிறேன்.

அக்டோபர் 17, 2026
பூம்பாறை