அன்னதானக் கூடச் சுவர்: செங்கல் கட்டு வேலையின் அலகு விலைப் பகுப்பாய்வு

பெறுநர்: ஆலயக் கட்டடக் குழு, சுங்கை சிப்புட், பேராக்
வேலை: நாலரை அங்குலச் சுவர், களிமண் செங்கல், 1:6 சிமெண்டு சாந்து
அளவு: 186 சதுர மீட்டர் (கதவு, சன்னல் திறப்புகள் கழித்தது)

சதுர மீட்டருக்கு 80.29 வெள்ளி எப்படி வந்தது என்று செயலாளர் ஐயா கேட்டிருந்தார். கணக்கை அப்படியே பிரித்து வைக்கிறேன். இன்னொரு குத்தகையாளரின் விலையோடு ஒப்பிடும்போது மொத்தத் தொகையை மட்டும் பார்க்காமல், ஒவ்வொரு வரியையும் எதிரெதிரே வைத்துப் பாருங்கள்.

| விவரம் | ஒரு சதுர மீட்டருக்கு | வெள்ளி |
|---|---|---|
| செங்கல் | 63.4 கல், கல் 50 சென் | 31.70 |
| சாந்து | 0.023 கன மீட்டர், 184.10 வெள்ளி வீதம் | 4.23 |
| எக்ஸ்மெட் வலை | 3.67 மீட்டர், 70 சென் வீதம் | 2.57 |
| ஆள் கூலி | நாள் கூலி 370 வெள்ளி ÷ 12.8 | 28.91 |
| கருவி, கலவை இயந்திரம் | கூலியில் 3% | 0.87 |
| சாரம் | | 1.20 |
| நேரடிச் செலவு | | 69.48 |
| மேற்செலவு | 8% | 5.56 |
| இலாபம் | நேரடிச் செலவும் மேற்செலவும் சேர்ந்ததில் 7% | 5.25 |
| அலகு விலை | | 80.29 |

186 சதுர மீட்டருக்கு மொத்தம் 14,933.94 வெள்ளி.

செங்கல்லும் சேதாரமும். கல்லின் முகம் 215 × 65 மி.மீ. 10 மி.மீ. சாந்து இணைப்போடு ஒரு சதுர மீட்டருக்கு 59.26 கல் பிடிக்கும். பொதுவாக 5% சேதாரம் போட்டால் போதும். இங்கே 7% போட்டிருக்கிறேன். செம்பனைத் தோட்டத்துப் பாதையில் பெரிய லோரி ஆலய வாசல் வரை வராது. முன் சாலையிலேயே இறக்கி, சின்ன லோரியில் மறுபடி ஏற்றி, மறுபடி இறக்க வேண்டும். இரண்டு தடவை கைமாறும்போது மூலை உடைகிறது. தூண் ஓரத்திலும் சன்னல் ஓரத்திலும் வெட்டும் அரைக்கல்லில் ஒரு பகுதி வேறு எதற்கும் உதவாது. குழு அந்தப் பாதையைச் சரிசெய்து கொடுத்தால் 5%க்கு இறங்கிவிடுவேன். அதில் மேற்செலவு, இலாபம் உட்பட அலகு விலையில் 68 சென் குறையும்.

சாந்து. சுவரின் கன அளவில் கல் போக மிஞ்சுவது 0.0176 கன மீட்டர். கல்லின் குழியில் நிறைவது, கரண்டியிலிருந்து தரையில் விழுவது, மழை வந்து இறுகிப்போவது எல்லாவற்றுக்கும் 30% சேர்த்தேன். ஒரு கன மீட்டர் சாந்துக்கு 5.35 மூட்டை சிமெண்டு (50 கிலோ மூட்டை 23 வெள்ளி), 1.11 கன மீட்டர் மணல் (55 வெள்ளி). வேலை முழுவதற்கும் 23 மூட்டைதான் ஆகும். இந்த வரியில் மிச்சம் பிடிக்கப் பார்த்துக் கலவையில் மணலைக் கூட்டுவது வீண். சுவர்தான் பலவீனமாகும், பணம் ஒன்றும் பெரிதாகக் கைக்கு வராது.

எக்ஸ்மெட் நாலு வரிசைக்கு ஒன்று, ஒட்டுச் சேர்க்கைக்கு 10%. இதை விட்டுவிட்டு விலை கொடுப்பவர்கள் உண்டு. கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.

ஆள் கூலி. உண்மையில் விலை நிற்பது இங்கேதான். இரண்டு கொத்தனார் (ஆளுக்கு 140), ஒரு கையாள் (90). தடையில்லாத நேர்ச் சுவரில் ஒரு கொத்தனார் ஒரு நாளில் சுமார் 480 கல், அதாவது 8 சதுர மீட்டர் கட்டுவார். இருவருக்கும் 16. ஆனால் வேலை அக்டோபரில் தொடங்குகிறது. அந்த மாதங்களில் மத்தியானத்துக்கு மேல் மழை பிடித்துக்கொள்ளும். சமையலறைப் பக்கம் திறப்புகளும் அதிகம். ஒன்றரை மீட்டருக்கு மேல் போனால் சாரம் மாற்றும் நேரமும் சேரும். ஒரே நாளில் அதற்கு மேல் ஏற்றவும் விடமாட்டேன், ஈரச் சாந்து பாரம் தாங்காது. ஆகவே 80% எடுத்து 12.8 என்று வைத்தேன்.

அதை 16 ஆக்கினால் அலகு விலை 6.88 வெள்ளி குறையும். சேதாரத்தைக் குறைத்தால் கிடைப்பதைப்போல் பத்து மடங்கு. மலிவான விலைப்பட்டியல் கையில் வந்தால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: “ஒரு நாளைக்கு எத்தனை சதுர மீட்டர் போட்டிருக்கிறீர்கள், மழைக்கு என்ன கழித்தீர்கள்?” பதில் 16 என்றால், வேலை பாதியில் இழுபடும்போது அந்த வித்தியாசத்தை யார் கட்டுவது என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். தைப்பூசத்துக்கு முன் அன்னதானக் கூடம் தயாராக வேண்டும் என்று குழு சொல்லியிருப்பதால் இது முக்கியம்.

மேற்செலவு. மேற்பார்வையாளர் சம்பளத்தின் பங்கு, சொக்சோ, காப்புறுதி, தண்ணீர், தளத்துக் கொட்டகை, போக்குவரத்து. 8% சின்ன வேலைக்கு இறுக்கமான கணக்கு. ஆலய வேலை என்பதால் இலாபத்தை 7%இல் நிறுத்தினேன். கொட்டகைக்கு ஆலயத்தின் பழைய களஞ்சியத்தைக் கொடுத்தால் மேற்செலவு 6% ஆகும், விலையில் 1.49 வெள்ளி இறங்கும்.

பூச்சு, லிண்டல், ஈரத்தடுப்புப் படலம் ஆகியவை இதில் இல்லை, அவற்றுக்குத் தனி விலை உண்டு. அரை சதுர மீட்டருக்கு உட்பட்ட துளைகள் கழிக்கப்படவில்லை. செங்கல் விலை 30 நாளுக்குச் செல்லும். அதற்குப் பிறகு கல் ஒன்றுக்கு ஒரு சென் ஏறினால் அலகு விலை 73 சென் ஏறும்.