டிசி கணக்கு வேலை: முதலில் ஒரே ஒரு ஆர்டரைச் செய்து காட்டுகிறேன்

வணக்கம் சார்,

அவிநாசி ரோட்டில் உங்கள் யூனிட் வாசலில் "டிசி பார்க்க, ஐடிசி-04 போட ஆள் தேவை" என்று போர்டு இருந்தது. அதைப் பார்த்துவிட்டு எழுதுகிறேன். என் பெயர் கவிதா. ஜாப் வொர்க் கணக்கை மட்டும் பார்த்துக்கொடுக்கும் ஒரு சிறிய நிறுவனத்தைப் போன வருடம் தொடங்கினேன். என்னையும் சேர்த்து இரண்டே பேர்.

அதற்கு முன் ஏழு வருடம் ஒரு பனியன் கம்பெனியில் ஃபேப்ரிக் இன்சார்ஜாக இருந்தேன். ஒரு தடவை கட்டிங்கில் துணி பற்றவில்லை என்று அவசரமாக நூல் வாங்கி மறுபடி நிட்டிங் ஓட்டினோம். இரண்டு மாதம் கழித்துப் பார்த்தால், எங்களுடைய 62 கிலோ கிரே துணி டையிங்கிலேயே கிடந்தது. டிசியில் ஸ்டைல் நம்பரை மாற்றி எழுதியிருந்தோம், அவ்வளவுதான். யாரும் எடுக்கவில்லை, யாரும் ஏமாற்றவும் இல்லை. ஆனால் அந்தப் பணம் போனது போனதுதான். இந்தத் தொழிலை நான் தொடங்கியதே அதனால்தான்.

நீங்கள் ஆள் எடுக்கும் முன், ஷிப்மெண்ட் முடிந்த ஒரு ஆர்டரின் டிசி புக்குகளை மட்டும் கொடுங்கள். நூல் எவ்வளவு போனது, கிரே துணியாக எவ்வளவு வந்தது, டையிங், காம்பாக்டிங் முடிந்து எடை என்ன, கட்டிங்குக்கு எவ்வளவு இறங்கியது என்று லாட் வாரியாக எக்செல்லில் போட்டுத் தருகிறேன். பிராசஸ் லாஸ் எங்கேயும் இருக்கும். உங்கள் லாட்களில் எது மற்றவற்றைவிட அதிகம் என்பதைத் தனியாகக் குறித்துவிடுவேன். வெளியே போய் ஒன்பது மாதத்துக்கு மேல் திரும்பாத சரக்கையும் காட்டுவேன். ஒரு வருடம் தாண்டினால், அனுப்பிய நாளிலேயே சப்ளை ஆனதாக எடுத்துக்கொண்டு ஜிஎஸ்டி கேட்பார்களே.

ஐந்து நாள் வேலை, கட்டணம் 7,500 ரூபாய். ஷீட்டைப் பார்த்த பிறகு கொடுத்தால் போதும். இதை இலவசமாகச் செய்ய எனக்கு விருப்பமில்லை. சும்மா செய்யும் வேலைக்கு உங்கள் சூப்பர்வைசரின் நேரத்தைக் கேட்க எனக்கு வாய் வராது. காசு வாங்கினால், சந்தேகம் வரும் ஒவ்வொரு டிசிக்கும் அவரிடம் போய் நிற்பேன். வேலை பிடிக்காவிட்டாலும் ஷீட் உங்களுடையதுதான். பிடித்திருந்தால் மாத வேலையைப் பற்றிப் பேசலாம், முதல் மாதக் கட்டணத்தில் இந்தத் தொகையைக் கழித்துக்கொள்கிறேன்.

பையர் பெயரும் ரேட்டும் எனக்குத் தேவையில்லை, மறைத்துவிட்டே கொடுங்கள். புக்குகளை வெளியே அனுப்ப யோசனையாக இருந்தால், உங்கள் ஆபீசிலேயே உட்கார்ந்து பார்க்கிறேன்.

ஏப்ரல்–செப்டம்பர் ஐடிசி-04க்கு அக்டோபர் 25 கடைசி நாள். அதற்குள் வேலைக்கு எடுப்பதா வேண்டாமா என்று நீங்கள் முடிவு செய்ய நேரம் இருக்க வேண்டும். வரும் வியாழன் காலை பத்து மணிக்கு வரட்டுமா? "சரி" என்று ஒரு வரி போட்டால் போதும், வந்துவிடுகிறேன்.

நன்றி சார்,
கவிதா