அம்பாரம்: ஒரு திரைக்கதைச் சுருக்கம்

தூத்துக்குடிக்குத் தெற்கே, ஓர் ஓடையின் இரு கரைகளில் இரண்டு உப்பளக் குடியிருப்புகள். மேலளம், கீழளம். கடல் ஏற்றத்தில் ஓடைக்குள் வரும் தண்ணீரை முதலில் எடுப்பவர்கள் மேலளத்தார். அவர்கள் மடை நிறைந்த பிறகுதான் கீழளத்துக்குத் தண்ணீர் இறங்கும். ஜனவரியில் பாத்தி மிதித்து உப்பெடுப்பைத் தொடங்கும்போது பதினைந்து நாள் பிந்தினால், அந்த ஆண்டின் முதல் வாரல் பதினைந்து நாள் பிந்தும். கூலியும் அப்படியே. வடகிழக்குப் பருவமழை வந்துவிட்டால் அளத்தில் வேலையே இல்லை என்பதால், அந்தப் பதினைந்து நாளை வேறு எந்த மாதத்திலும் ஈடுகட்ட முடியாது.

அந்த முதல் மடை யாருக்கு என்பதை ஓர் ஆட்டம் தீர்மானிக்கிறது. அதன் பெயர் அம்பாரம். புரட்டாசியில், கடைசி உப்பு வாரும் நாளில், விடியற்காலை தொடங்கி உச்சிவெயிலில் முடியும். இந்த ஊர்களும் ஆட்டமும் கற்பனை. உப்பு கற்பனை இல்லை. குஜராத்துக்கு அடுத்து இந்தியாவில் அதிக உப்பு விளைவது தமிழ்நாட்டில்தான், அதில் பெரும்பங்கு தூத்துக்குடியில். அந்த வேலையின் அசைவுகளிலிருந்து மட்டுமே ஆட்டத்தை எடுத்திருக்கிறேன். ஜேம்ஸ் நைஸ்மித் 1891இல் கூடைப்பந்தை உருவாக்கியபோது பதின்மூன்று விதிகள் எழுதினார். எனக்கு ஐந்து போதும். பார்வையாளர் முதல் கால் மணி நேரத்துக்குள் ஐந்தையும் தெரிந்துகொண்டாக வேண்டும். அதற்குப் பிறகு ஆறாவதாக ஒரு விதியைக் கொண்டுவந்து யாரையும் காப்பாற்றக் கூடாது.

களம் இதுதான். தண்ணீர் நிற்கும் பாத்திகளுக்கு நடுவே ஓரடி அகலத்தில் ஒற்றை வரப்பு, நூற்றிருபது தப்படி நீளம். வடக்கு முனையிலிருந்து மேலளத்தார் ஓலைப்பெட்டியில் இருபது கிலோ உப்பைத் தலையில் சுமந்து தெற்கே போய்க் கொட்டுவார்கள். கீழளத்தார் தெற்கிலிருந்து வடக்கே. அணிக்கு ஏழு பேர். வழி ஒன்றே என்பதால், ஒருவரை ஒருவர் எதிர்கொண்டே ஆக வேண்டும்.

முதல் விதி: வெறுந்தலையாக வருபவர், சுமையோடு வருபவருக்குப் பாத்திக்குள் இறங்கி வழிவிட வேண்டும்.

இரண்டாவது: சுமையோடு இருவர் எதிரெதிரே வந்தால் யாரும் இறங்க வேண்டியதில்லை. அப்படியே நிற்கலாம். இதற்கு 'நிலை' என்று பெயர். கை படக் கூடாது. எவ்வளவு நேரம் ஆனாலும் சரி.

மூன்றாவது: நிற்க முடியாதவர் பெட்டியை அருகிலுள்ள திட்டில் இறக்கிவைத்து வழிவிடலாம். கீழே விழவிட்டால் அந்தப் பெட்டி உப்பு எதிரணிக் கணக்கில் சேரும்.

நான்காவது: இறக்கிய சுமையை மறுபடி தலையில் ஏற்ற, பக்கத்தில் வெறுந்தலையாக யார் இருந்தாலும் 'தூக்கிவிடு' என்று கேட்கலாம். எதிரணியாக இருந்தாலும் மறுக்கக் கூடாது. மறுத்தால் அவருடைய அணி தோற்றது.

ஐந்தாவது: கொட்டிய அம்பாரங்களை அன்றைக்கு எடைபோடுவதில்லை. ஓர் இரவு நீர் வடியவிட்டு, மறுநாள் விடியலில்தான் எடை.

கடைசி விதியில்தான் கதையின் உயிர் இருக்கிறது. பாத்தியிலிருந்து அப்போதுதான் வாரிய உப்பு களத்துக்கு அருகிலேயே கிடைக்கும். ஆனால் அது நீர் குடித்த உப்பு. விடிவதற்குள் எடை இறங்கிவிடும். முந்தைய நாளே வாரி வடியவைத்த உப்பு இன்னும் நாற்பது தப்படி தள்ளி இருக்கும். ஆள் பலம் உள்ளவர்கள் தூரத்து உப்பைச் சுமப்பார்கள். இல்லாதவர்கள் பக்கத்து உப்பைச் சுமந்து, மத்தியானம் ஜெயித்த மாதிரி தெரிந்து, காலையில் தோற்பார்கள். கீழளம் பதினோரு ஆண்டுகளாக அப்படித்தான் தோற்கிறது.

படம் பதினோராவது தோல்வியின் விடியலில் தொடங்குகிறது. கீழளத்துப் பிள்ளைகள் முந்தைய இரவு முழுவதும் மேளம் அடித்திருக்கிறார்கள். அவர்களுடைய அம்பாரம்தான் பார்வைக்கு உயரம். தராசு வேறு சொல்கிறது. ஆட்டத்துக்கு நடுவராக இருக்கும் பழைய கணக்கப்பிள்ளை எண்ணை மெதுவாகப் படிக்கிறார். கூட்டத்தின் ஓரத்தில் நாற்பத்தாறு வயதுப் பேச்சியம்மாள் குனிந்து, அம்பாரத்தின் அடியில் கையைவைத்து எடுக்கிறாள். விரலிடுக்கில் நீர் சொட்டுகிறது. அவள் எதுவும் பேசுவதில்லை. சேலை முனையில் கையைத் துடைத்துக்கொண்டு வேலைக்குப் போகிறாள்.

இதுவரை ஆடியவர்கள் எல்லாம் ஆண்கள். அளத்தில் ஆண்களின் வேலை பெரும்பாலும் வாருவது. தலையில் சுமந்து கொட்டுவது பெண்கள். ஆண்டு முழுவதும் சுமப்பவர்கள் கரையில் நின்று பார்க்க, ஒரு நாள் சுமப்பவர்கள் ஆடுகிறார்கள். இதை யாரும் வசனமாகச் சொல்லக் கூடாது என்பது என் வேண்டுகோள். காட்சியில் தெரிந்தால் போதும். கீழளத்து இளைஞர்கள் துறைமுகத்துக்கும் சென்னைக்கும் போய்விட்டதால் அடுத்த ஆண்டு ஏழு பேர் சேரவில்லை. மூன்று பேர்தான். பேச்சியம்மாள் கணக்கப்பிள்ளையிடம் போய்க் கேட்கிறாள்: "அண்ணாச்சி, விதியில் ஆம்பிளை என்று எங்கே எழுதியிருக்கிறது?" அவர் நோட்டைப் புரட்டுகிறார். 'சுமையோடு வருபவர்' என்றுதான் இருக்கிறது.

எதிரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். மேலளத்துத் தலைவன் சுடலைமுத்து கெட்டவன் இல்லை. அவனும் கூலிக்கு வாருபவன்தான். முதல் மடை போனால் தன் தெருவில் நாற்பது அடுப்பு எரியாது என்பது அவனுக்குத் தெரியும். இந்தப் பயத்தை நாம் நம்பினால்தான் போட்டி நிற்கும். உண்மையான காயம் வேறு இடத்தில் இருக்கிறது. பேச்சியம்மாளின் மகன் இசக்கிராஜா மேலளத்து அணியில் ஆடுகிறான். அப்பா வாங்கிய முன்பணத்தைக் கழிக்க மேலளத்து மோட்டார் அறையில் வேலைக்குச் சேர்ந்தவன். அணியில் ஆடும் வரை கடனைக் கேட்கமாட்டோம் என்று சொல்லியிருக்கிறார்கள். அம்மாவும் மகனும் ஒரே வீட்டில் சாப்பிடுகிறார்கள். ஆட்டத்தைப் பற்றி மட்டும் பேசுவதில்லை.

நடுப்பகுதி பயிற்சி. இங்கே வழக்கமான ஓட்டம், வியர்வை, பாட்டு எதுவும் வேண்டாம். பேச்சியம்மாளும் மற்ற மூன்று பெண்களும் வழக்கமான வேலையையே செய்கிறார்கள். நாம்தான் இப்போது அதை ஆட்டமாகப் பார்க்கத் தொடங்குகிறோம். ஒரு காட்சியை மட்டும் விரித்துச் சொல்கிறேன். இருபது ஆண்டு உப்பு வெளிச்சத்தில் பேச்சியம்மாளின் கண் மங்கியிருக்கிறது. வெயில் ஏறினால் அவளுக்கு வரப்பும் தண்ணீரும் ஒரே வெள்ளை. அவள் பார்த்து நடப்பதில்லை. முதலில் பெருவிரல் இறங்கும், வரப்பின் விளிம்பைத் தொடும், பிறகுதான் குதிகால். பாதத்தில் வெடித்த பிளவுகளில் உப்பு ஏறி வெளுத்திருக்கிறது. கழுத்து அசைவதே இல்லை. சும்மாட்டின் மேல் பெட்டி, நீர் நிரம்பிய குடம்போல அமைதியாக நகர்கிறது. கேமரா இடுப்புக்கு மேலே போகாமல் நூற்றிருபது தப்படியும் அந்தக் கால்களோடு வர வேண்டும்.

அவளுடைய திட்டத்தை இறுதி ஆட்டத்துக்கு முன் ஒரே வாக்கியத்தில் சொல்கிறாள்: "நாம் ஓட வேண்டாம், நிற்போம்." எடைபோடும் வரிசையில் சுமையோடு அரை மணி நேரம் நின்று பழகியவர்கள் அவர்கள். தூரத்து உப்பை எடுத்து, குறைந்த நடையாக நடந்து, எதிர்ப்படும் ஒவ்வொரு மேலளத்தானோடும் நிலைக்கு நிற்கிறார்கள். முதல் ஒரு மணி நேரம் கூட்டம் சிரிக்கிறது. இரண்டாவது மணி நேரத்தில் மேலளத்தார் கழுத்து நடுங்கத் தொடங்குகிறது. ஒருவன் பெட்டியை விழவிடுகிறான். இன்னொருவன் மரியாதையாக இறக்கிவிடுகிறான். நிலையிலேயே நேரம் கரைவதால் மேலளத்தாருக்குத் தூரத்து உப்புக்குப் போய்வர நேரமில்லை. பதினோரு ஆண்டில் முதல்முறையாக அவர்கள் பக்கத்துப் பாத்தியில் ஈர உப்பை வாருகிறார்கள். அவர்களுடைய அம்பாரம் மளமளவென்று உயர்கிறது. மேலளம் ஆர்ப்பரிக்கிறது.

நட்ட கம்பின் நிழல் தரையில் கீறிய உச்சிக் கோட்டுக்குள் ஒடுங்கும்போது ஆட்டம் முடியும். கோட்டுக்கு இன்னும் ஒரு சாண் இருக்கிறது. கடைசிப் பெட்டியோடு பேச்சியம்மாள் நடுவரப்பைத் தாண்டி வருகிறாள். எதிரே சுடலைமுத்து. நிலை.

இந்த இடத்தில் ஒலி முழுவதையும் எடுத்துவிட்டு ஒன்றை மட்டும் விட வேண்டும். சுடலைமுத்துவின் பெட்டியிலிருந்து சொட்டும் நீர். அவன் காதோரம் வழிந்து தோளில் விழுகிறது. பேச்சியம்மாளுக்கு அவன் முகம் தெரியவில்லை. சொட்டு கேட்கிறது. கரையில் எல்லோரும் "நில்லு, நில்லு" என்று கத்துகிறார்கள். நின்றால் அவள் தோற்கமாட்டாள், நிழல் ஒடுங்கும், இரண்டு பெட்டியும் கணக்கில் சேராது. ஆனால் மொத்தத்தில் கீழளம் இன்னும் சற்றுப் பின்தங்கியிருக்கிறது என்று அவள் மனக்கணக்கு சொல்கிறது. இரண்டு பெட்டியும் சேர்ந்தால்? அவனுடைய இருபது கிலோ காலையில் இருபதாக இருக்காது. அவளுடையது இருக்கும்.

நாள் முழுவதும் யாருக்கும் இறங்காதவள், திட்டில் பெட்டியை இறக்கிவைத்து வழிவிடுகிறாள். கீழளத்துக் கூட்டத்தில் யாரோ தலையில் அடித்துக்கொள்கிறார்கள். சுடலைமுத்து கடந்து போகும்போது அவன் முகத்தில் வெற்றி இல்லை, ஆறுதல்தான் இருக்கிறது. கோட்டுக்கு இன்னும் நான்கு விரல். இப்போது பெட்டியைத் தலையேற்ற ஓர் ஆள் வேண்டும். கீழளத்தார் எல்லோரும் வரப்பின் இரு முனைகளில். பக்கத்துப் பாத்தியில், சுமையைக் கொட்டிவிட்டு வெறுந்தலையாகத் திரும்பிக்கொண்டிருப்பவன் இசக்கிராஜா.

"ஐயா, தூக்கிவிடு."

வடக்கு முனையிலிருந்து மேலளத்தார் "மெதுவாக வா, மெதுவாக வா" என்கிறார்கள். மறுத்தால்தான் தோல்வி. தாமதித்தால் விதியில் குற்றமில்லை. கணுக்கால் தண்ணீரில் அவன் மூன்று எட்டு எடுத்துவைக்க வேண்டும். அந்த மூன்று எட்டை எவ்வளவு நேரத்தில் வைக்கிறான் என்பதுதான் இந்தப் படம். கடன், மோட்டார் அறை, அப்பா, வீட்டில் பேசாமல் சாப்பிட்ட இரவுகள் எல்லாம் அதற்குள் இருக்கின்றன. நினைவுக் காட்சி எதுவும் தேவையில்லை. அவன் கால் சேற்றில் இறங்குவதைக் காட்டினால் போதும்.

அவன் தண்ணீர் தெறிக்க வந்து, சும்மாட்டைச் சரிசெய்து, பெட்டியைத் தூக்கி அம்மாவின் தலையில் வைக்கிறான். கை எடுக்கும்முன், நிறுத்தம் சரியாக இருக்கிறதா என்று ஒரு கணம் பிடித்துப் பார்க்கிறான். அவள் நடக்கிறாள். நிழல் ஒடுங்கும்போது அவளுடைய உப்பு அம்பாரத்தில் சரிகிறது.

அன்று இரவு மேலளத்தில் மேளம். கீழளத்தில் விளக்கு அணைந்துவிட்டது. அம்மாவும் மகனும் சாப்பிடுகிறார்கள். "குழம்பு இன்னும் கொஞ்சம் ஊற்றிக்கொள்" என்கிறாள். வேறு பேச்சு இல்லை.

விடியல். தராசு. கணக்கப்பிள்ளை இரு எண்களையும் இரண்டு தடவை படிக்கிறார். கீழளம் ஒன்றே முக்கால் கிலோ கூடுதல். யாரும் உடனே கத்தமாட்டார்கள். நம்புவதற்கு நேரமாகும். சுடலைமுத்து தன்னுடைய அம்பாரத்தின் அடியில் கைவைத்து, நனைந்த மண்ணைப் பார்த்தபடி நிற்கிறான்.

கடைசிக் காட்சி ஜனவரி. ஓடையில் கடல் ஏறியிருக்கிறது. மழையில் ஊறிய மடைப்பலகை பேச்சியம்மாளின் கைக்கு அசைய மறுக்கிறது. அவள் திரும்பிப் பார்க்கிறாள். கரையில் பக்கத்தில் நிற்பவன் சுடலைமுத்து.

"தூக்கிவிடு."

அவன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்குகிறான்.