மாற்றுச் சிறுநீரகத்துடன் ஊர் திரும்பும் தங்களுக்கு: மருந்துகளும் தொற்றுத் தடுப்பும்

மதிப்பிற்குரிய ஐயா,

தங்கள் மனைவி அளித்த சிறுநீரகம் தங்களுக்குப் பொருத்தப்பட்டு ஏழு வாரங்கள் ஆகின்றன. கிரியாட்டினின் 1.2 அளவில் நிலையாக இருக்கிறது, உள்ளே வைத்திருந்த குழாயும் எடுக்கப்பட்டுவிட்டது. மருத்துவமனைக்கு அருகில் எடுத்த வாடகை அறையைக் காலி செய்துவிட்டு மன்னார்குடிப் பக்கத்திலுள்ள ஊருக்குத் திரும்பலாம் என்று நாங்கள் சொல்வதற்கு அதுவே காரணம். வார்டில் வாய்மொழியாகச் சொன்னவற்றை இங்கே எழுதித் தருகிறோம். தங்களுக்கு மாத்திரை எடுத்துக் கொடுக்கும் மகளும் இதைப் படிக்க வேண்டும்.

நம் உடலுக்குள் அந்நியமான எது நுழைந்தாலும் இரத்தத்திலுள்ள வெள்ளை அணுக்கள் அதை அடையாளம் கண்டு தாக்குகின்றன. அது கிருமியா, மனைவி அன்போடு கொடுத்த சிறுநீரகமா என்று அவற்றுக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. புதிய உறுப்பை அவை தாக்கி அழிப்பதையே உறுப்பு நிராகரிப்பு என்கிறோம். அதைத் தடுக்க அந்த அணுக்களின் வேகத்தை மருந்தால் குறைத்து வைத்திருக்கிறோம். அதனாலேயே கிருமிகளை எதிர்க்கும் வலிமையும் குறைந்திருக்கிறது. இம்மடலில் உள்ள எல்லா விதிகளும் இந்த ஒரே காரணத்திலிருந்து பிறந்தவை.

தாங்கள் உட்கொள்ளும் நிராகரிப்புத் தடுப்பு மருந்துகள் மூன்று. டாக்ரோலிமஸ் காலை 8 மணிக்கும் இரவு 8 மணிக்கும், சரியாகப் பன்னிரண்டு மணி நேர இடைவெளியில், வெறும் வயிற்றில் எடுக்க வேண்டியது. அதன் பிறகு ஒரு மணி நேரம் கழித்து உணவு உண்ணலாம். மைக்கோபினோலேட்டும் இரு வேளை உண்டு. அசிடிட்டிக்கு வாங்கும் வெள்ளை நிறத் திரவ மருந்தை அதனுடன் சேர்த்துக் குடித்தால் அது உடலில் சேர்வது குறையும். பிரெட்னிசோலோன் காலை உணவுக்குப் பின் ஒரு வேளை மட்டுமே. இரத்தப் பரிசோதனையைப் பொறுத்து அளவு மாறிக்கொண்டே இருக்கும் என்பதால் மில்லிகிராம் கணக்கை இம்மடலில் எழுதவில்லை. தங்களிடம் உள்ள மருந்து அட்டையில் கடைசியாகத் தேதியிட்டு எழுதப்பட்ட வரியை மட்டுமே பின்பற்றுங்கள்.

டாக்ரோலிமஸ் இரத்தத்தில் குறைந்தால் நிராகரிப்பு வரும். கூடினால் கை நடுக்கமும் சர்க்கரை உயர்வும் வருவதோடு, காக்கப்பட வேண்டிய சிறுநீரகமே கெடும். இந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளி மிகக் குறுகியது. பம்பளிமாஸ் பழம் அதன் அளவை ஏற்றிவிடும் என்பதால் அதை முற்றிலும் தவிர்க்க வேண்டும். கிளாரித்ரோமைசினும் ஃப்ளூகோனசோல் போன்ற பூஞ்சைக்கொல்லி மாத்திரைகளும் அதன் அளவை ஏற்றும். காசநோய்க்கான ரிஃபாம்பிசினும் வலிப்புக்கான ஃபெனிட்டாயினும் இறக்கும். மூட்டு வலிக்கு மருந்துக்கடையில் வாங்கும் டைக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன் போன்றவை நேரடியாகவே சிறுநீரகத்தைப் பாதிக்கும். ஆகவே எந்த மருத்துவரிடம் சென்றாலும் முதலில் அட்டையைக் காட்டுங்கள். நாட்டு மருந்தையோ லேகியத்தையோ எங்களிடம் கேட்காமல் தொடங்க வேண்டாம். அவற்றில் என்னென்ன கலந்திருக்கிறது என்று தெரியாமல் மருந்தின் அளவைக் கணிக்க இயலாது. மருந்துக்கடையில் வேறு நிறுவனத்தின் டாக்ரோலிமஸைத் தந்தால் அதையும் எங்களுக்குத் தெரிவித்துவிட்டே மாற்றுங்கள்.

காலை மாத்திரையை மறந்து நண்பகலுக்குள் நினைவு வந்தால் உடனே விழுங்குங்கள். அதற்கும் தாமதமாகிவிட்டால் எங்களை அழையுங்கள். எக்காரணத்தைக் கொண்டும் இரு வேளை மாத்திரைகளைச் சேர்த்து விழுங்கக் கூடாது. வாந்தியில் மாத்திரை வெளியேறினாலும், ஒரு நாளுக்கு மேல் வயிற்றுப்போக்கு நீடித்தாலும் அன்றே அழையுங்கள், ஏனெனில் வயிற்றுப்போக்கின்போது டாக்ரோலிமஸ் அளவு பெரும்பாலும் உயர்ந்துவிடும்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறோம். ஓரிரு ஆண்டுகள் நலமாகக் கழிந்த பிறகு, "உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது" என்று மாத்திரையைக் குறைத்துக்கொண்டு, மீண்டும் டயாலிசிஸுக்கு வந்தவர்களை நாங்கள் பார்த்திருக்கிறோம். அதைக் காண்பது எங்களுக்கும் மிகுந்த வேதனையே. நிராகரிப்பு தொடக்கத்தில் வலியையோ காய்ச்சலையோ காட்டாமல் கிரியாட்டினின் உயர்வாக மட்டுமே தெரியக்கூடும். மாத்திரை வாங்கப் பணம் இல்லை என்றாலும் கூச்சப்படாமல் ஒரு வாரம் முன்பே சொல்லுங்கள். அதற்கு வழி தேடலாம், போன சிறுநீரகத்தைத் திரும்பப் பெற முடியாது.

இனித் தொற்று பற்றி. உடல் வெப்பம் 100.4 டிகிரியைத் தொட்டால், நேரம் நள்ளிரவாக இருந்தாலும், அட்டையின் பின்புறமுள்ள எண்ணுக்கு அழையுங்கள். பாராசிட்டமால் போட்டுவிட்டுக் காலை வரை பார்க்கலாம் என்று இருக்க வேண்டாம். பிரெட்னிசோலோன் காய்ச்சலை மறைத்துவிடும் என்பதால், காய்ச்சல் இல்லாமல் இருமல், மூச்சு வாங்குதல், சிறுநீர் எரிச்சல், அக்கி போன்ற கொப்புளங்கள் தோன்றினாலும் அவ்வாறே செய்யுங்கள். சிறுநீர் குறைவது, கால் வீக்கம், ஒரே நாளில் ஒரு கிலோ எடை கூடுவது, புதிய சிறுநீரகம் உள்ள வலப்புற அடிவயிற்றில் வலி ஆகியவையும் உடனே சொல்ல வேண்டியவை.

தாங்கள் நெல் விவசாயி என்பதால் இது தங்களுக்கு மிக முக்கியம். ஈர மண்ணிலும் வயல் நீரிலும் வாழும் ஒரு பாக்டீரியாவால் மெலியோய்டோசிஸ் என்ற கடும் தொற்று வருகிறது. தமிழ்நாட்டிலும் அது காணப்படுகிறது. வயல் நீரில் எலியின் சிறுநீர் கலந்தால் எலிக்காய்ச்சலும் வரும். இரண்டும் கால் வெடிப்பின் வழியாகவே நுழைந்துவிடக்கூடும். ஆகவே இந்த ஆண்டு சேற்றில் இறங்க வேண்டாம். வரப்பில் நின்று வேலையை மேற்பார்ப்பதானாலும் முழங்கால் வரையிலான பூட்ஸ் அணியுங்கள். எருக்குழியைக் கிளறுவது, பழைய வைக்கோலை உதறுவது, புறாக்கூண்டைச் சுத்தம் செய்வது ஆகியவற்றைப் பிறரிடம் விடுங்கள், அவற்றிலிருந்து எழும் தூசியில் நுரையீரலைத் தாக்கும் பூஞ்சை வித்துகள் இருக்கும். நிலத்தோடு வாழ்ந்தவரிடம் இதைச் சொல்வது எளிதன்று என்பதை அறிவோம்.

கொதிக்க வைத்து ஆறிய நீரை மட்டும் குடியுங்கள். அன்று சமைத்ததைச் சூடாக உண்ணுங்கள். பழைய சோறு, அரைவேக்காட்டு முட்டை, தெருவோரக் கரும்புச்சாறு, வெளியில் அரைத்து வைத்த சட்னி ஆகியவை வேண்டாம். காய்ச்சிய பாலில் வீட்டில் உறை ஊற்றிய தயிரை அன்றே உண்ணலாம். முதல் ஆறு மாதங்கள் கல்யாண மண்டபம், திருவிழாக் கூட்டம், துக்க வீடு ஆகியவற்றைத் தவிர்த்து, பேருந்தில் முகக்கவசம் அணியுங்கள். வீட்டில் யாருக்கேனும் இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால் அவருக்குச் சளிப் பரிசோதனை செய்யுங்கள், காசநோய் தங்களை மற்றவர்களைவிட எளிதில் பற்றும்.

உயிருள்ள கிருமியால் ஆன தடுப்பூசிகளைத் தாங்கள் போட்டுக்கொள்ளக் கூடாது. ஆண்டுதோறும் போடும் இன்ஃப்ளூயன்சா ஊசியை, எங்களிடம் கேட்டு, போட்டுக்கொள்ள வேண்டும். பேரக்குழந்தையின் தடுப்பூசிகளை இதற்காக நிறுத்திவிட வேண்டாம். போலியோ சொட்டு மருந்து கொடுக்கும் முன் எங்களிடம் சொல்லுங்கள். கொடுத்த பின் சில வாரங்களுக்குக் குழந்தையின் மலத்தில் அந்தக் கிருமி வெளியேறும் என்பதால், கழுவிவிடும் வேலையை வீட்டிலுள்ள மற்றவர்கள் செய்யட்டும். நிமோனியாவைத் தடுக்கத் தந்துள்ள கோட்ரைமாக்சசோலையும், வைரஸ் தொற்றைத் தடுக்கத் தந்துள்ள வால்கான்சிக்ளோவிரையும் நாங்கள் நிறுத்தச் சொல்லும் வரை தொடருங்கள்.

அடுத்த வாரம் செவ்வாய்க்கிழமை காலை 8 மணிக்குள் இரத்தம் கொடுக்க வர வேண்டும். அன்று காலை டாக்ரோலிமஸ் மாத்திரையை விழுங்காமல் கையில் எடுத்து வாருங்கள். முந்தைய இரவு எத்தனை மணிக்கு விழுங்கினீர்கள் என்பதையும் குறித்து வாருங்கள். இரத்தம் எடுத்தவுடன் அங்கேயே விழுங்கலாம். மாத்திரையை விழுங்கிய பிறகு எடுக்கும் இரத்தத்தில் அளவு கூடுதலாகக் காட்டும்; அதை நம்பி நாங்கள் மருந்தைக் குறைத்துவிட்டால் தீங்கு தங்கள் சிறுநீரகத்துக்கே.

இப்படிக்கு,
சிறுநீரக மாற்றுச் சிகிச்சைப் பிரிவு மருத்துவர்