தீபாவளி வாழ்த்துகள்! ஊர்ச் சாமான் வந்திறங்கியாச்சு: அக்டோபர் 24 முதல் நவம்பர் 7 வரை மலிவு விற்பனை

ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா, பதுளை, பண்டாரவளை, மஸ்கெலியா, பொகவந்தலாவை என்று மலைநாட்டின் எந்தப் பக்கத்திலிருந்து லண்டன் வந்திருந்தாலும், அண்ணாமார், அக்காமார், தம்பி தங்கச்சிமார் எல்லாருக்கும் ஈஸ்ட் ஹாம் கடையிலிருந்து இனிய தீபாவளி நல்வாழ்த்துகள்! இந்த முறை தீபாவளி நவம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை. லீவு கேட்கத் தேவையில்லை. விடியக்காலை எண்ணெய் வைத்துக் குளித்து, இட்லியும் ஆட்டுக்கறியுமாக நிம்மதியாகச் சாப்பிடலாம்.

முதலில் தேயிலை. ஊவா பக்கம் ஜூலை முதல் செப்டம்பர் வரை கச்சான் காற்றில் பறித்த கொழுந்துத் தூள் வந்திருக்கிறது. பிஓபிஎஃப், அரைக் கிலோ £6.50, மலிவு விலை £5.25. "ஊர்த் தூளையே போட்டாலும் ஊர் ருசி வரல்லை" என்று பலர் சொல்கிறீர்கள். குறை தூளில் இல்லை, தண்ணீரில். லண்டன் குழாய்த் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம். கெட்டிலின் அடியில் வெள்ளையாகப் படிவது அதுதான். அதே சுண்ணாம்புதான் தேத்தண்ணி மேல் ஆடை கட்டி, நிறத்தையும் மங்க வைக்கிறது. வடிகட்டும் ஜக்கில் ஊற்றிய தண்ணீரைப் புதிதாகக் கொதிக்க வைத்து, ஒரு கப்புக்கு ஒரு தேக்கரண்டி தூள் போட்டு மூன்று நிமிடம் மூடி வையுங்கள். ஆடை கட்டாது, சாயம் சிவப்பாக இறங்கும். பிளேன்டீக்குக் கடித்துக்கொள்ள கித்துள் கருப்பட்டி ஒரு வட்டு £4.00. அதை ஃப்ரிட்ஜில் வைத்தால் ஈரம் பிடித்துக் கசியும். காற்றுப் புகாத டப்பாவில் வெளியிலேயே வையுங்கள்.

அதிரசத்துக்குப் பச்சையரிசி 5 கிலோ £9.50, வெல்லம் கிலோ £2.75. கித்துள் கருப்பட்டியை இதில் கரைக்காதீர்கள், அது பிளேன்டீக்கே இருக்கட்டும். பாக்கெட் அரிசிமாவும் வேண்டாம். அது காய்ந்த மா, பாகை இழுத்துக்கொண்டு அதிரசத்தைக் கல்லாக்கிவிடும். ஒரு கிலோ அரிசியை இரண்டு மணி நேரம் ஊற வைத்து, வடித்து, துணியில் பரப்புங்கள். கையில் அள்ளினால் ஈரம் தெரிய வேண்டும், ஆனால் விரலில் தண்ணீர் ஒட்டக் கூடாது. அந்தப் பதத்தில் அரைத்துச் சலிக்க வேண்டும். வெல்லம் முக்கால் கிலோ. பாகில் ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு விரலால் கூட்டினால் மெத்தென்று உருள வேண்டும். உருளாமல் கரைந்தால் அதிரசம் எண்ணெயில் பிரிந்து போகும். தட்டில் போட்டு டங்கென்று கேட்டால் பாகு முற்றிவிட்டது. புதன்கிழமை மாவைப் பிசைந்து வைத்தால் சனிக்கிழமை சுடலாம். அடுப்பு மிதமாக எரியட்டும். தீ கூடினால் மேல் கருகி உள்ளே பச்சை நிற்கும்.

உளுந்து கிலோ £3.20, இட்லி அரிசி 5 கிலோ £8.75. நவம்பர் குளிரில் மாவு பொங்காமல் போனால் அரிசியைக் குறை சொல்ல வேண்டாம். ஓவனைச் சூடாக்காமல் உள் விளக்கை மட்டும் போட்டு, பாத்திரத்தை உள்ளே வையுங்கள். பத்துப் பன்னிரண்டு மணி நேரத்தில் பொங்கிவிடும். பாத்திரத்தில் பாதிக்கு மேல் ஊற்றாதீர்கள், வழிந்துவிடும்.

ரொட்டிக்குத் துருவி உறைய வைத்த தேங்காய், கட்டசம்பலுக்கு மாசி, நெத்தலிக் கருவாடு, செத்தல் மிளகாய் எல்லாவற்றுக்கும் பத்து சதவீதக் கழிவு. தேங்காய் முழுதாக உருகிச் சூடு ஏறிய பிறகே மாவோடு சேருங்கள்; ஜில்லென்று போட்டால் ரொட்டி விறைக்கும். நல்லெண்ணெய், சீயக்காய், அரப்பு மூன்றும் சேர்ந்த குளியல் பை £6.00. லீக்ஸ், போஞ்சி, கேரட் இங்கே சந்தையிலேயே மலிவு, அதற்காக எங்களிடம் வர வேண்டாம். இந்த முறை வந்த வல்லாரை வாடிவிட்டது, அதை விற்கவில்லை.

ஆட்டுக்கறி எலும்போடு கிலோ £13.50. நவம்பர் 5 வியாழன் இரவு 8 மணிக்குள் இந்த வாட்ஸ்அப்பிலேயே எத்தனை கிலோ, துண்டு சிறிசா பெரிசா, ஈரல் வேண்டுமா என்று எழுதுங்கள். சனிக்கிழமை காலை 7 மணி முதல் எடுத்துக்கொள்ளலாம். வெள்ளிக்கிழமை கேட்டால் கைவசம் மிஞ்சியதுதான் கிடைக்கும். தபாலில் தேயிலை, கருப்பட்டி, உலர்ந்த சாமான் மட்டுமே அனுப்புவோம். £40க்கு மேல் வாங்கினால் தபால் செலவு எங்களுடையது. லண்டனுக்கு வெளியே இருப்பவர்கள் அக்டோபர் 30க்குள் சொல்லிவிடுங்கள்.

மத்தாப்பு 18 வயதுக்குக் கீழே யாருக்கும் தர மாட்டோம், அது இங்கத்தைய சட்டம். தீபாவளி இரவு வெடிக்கு 1 மணி வரை அனுமதி உண்டு. சொந்த வளவுக்குள் வெடியுங்கள், தெருவில் கூடாது.

கடை தினமும் காலை 8 முதல் இரவு 10 வரை. நவம்பர் 7 சனிக்கிழமை நள்ளிரவு வரை திறந்திருக்கும், மறுநாள் பூட்டு. தனியாக அறையெடுத்து இருக்கும் தம்பி தங்கச்சிமாருக்கு ஒரு கரண்டி அரப்பும் அரைப் போத்தல் எண்ணெயும் தனியாகக் கட்டித் தருவோம். கூச்சப்படாமல் கேளுங்கள்.