பொருள்: மா விவசாயிகள் நிலுவைப் பட்டியல் – திங்கள்கிழமை மதியம் தருகிறேன்

ஐயா, வணக்கம்.

இன்று மாலை தர வேண்டிய நிலுவைத் தொகைப் பட்டியலைத் திங்கள்கிழமை மதியம்தான் என்னால் தர முடியும். நேற்றே தெரிவித்திருக்க வேண்டும், மன்னிக்கவும்.

மொத்தம் 140 பேரில், காவேரிப்பட்டணம், பர்கூர் பகுதியைச் சேர்ந்த 96 பேரின் கணக்கைச் சரிபார்த்துவிட்டேன். போச்சம்பள்ளி எடைச்சீட்டுகளில்தான் சிக்கல். மழையில் நனைந்து மை கரைந்திருக்கிறது. 3 எது, 8 எது என்று தெரியவில்லை. ஊகித்து எழுத மனம் வரவில்லை. ஒரு டன் பெங்களூரா மாங்காய் குறைந்தாலும் அது ஒரு குடும்பத்தின் பணம்.

நாளை காலை எடைமேடைக்கே போய்ப் பதிவேட்டுடன் ஒப்பிடுகிறேன். அங்கே நீங்கள் ஒரு வார்த்தை சொல்லிவைத்தால் உதவியாக இருக்கும். முடிந்த 96 பேரின் பட்டியலை இணைத்திருக்கிறேன்; அவர்களுக்குப் பணம் அனுப்பத் தொடங்கிவிடலாம்.

இப்படிக்கு,
கொள்முதல் கணக்குப் பிரிவு, கிருஷ்ணகிரி